5 லட்சம் எப்படி 4 லட்சத்து 58 ஆயிரம் ஆனது?

"வணக்கம் சார். எனக்கு 59 வயது, புது வண்ணாரப்பேட்டை. என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் 5 லட்சத்துக்கு, 2021 ஜூலையில் 6.10% GS 2031 என்ற மத்திய அரசுப் பத்திரத்தைத் தரகர் மூலம் ஏலத்தில் நூறு ரூபாய் விலைக்கு வாங்கினோம். ஒரு வருடம் கழித்து ஆப்பில் பார்த்தால் 4 லட்சத்து 58 ஆயிரம் என்று காட்டியது. 'கவர்மென்ட்டுக்குக் கொடுத்த காசு கூடவா குறையும்?' என்று தம்பி கேட்டான். தரகரோ 'யீல்டு ஏறியிருக்குதும்மா, நல்ல விஷயம்தான்' என்றார். பணம் குறைந்தது எப்படி நல்ல விஷயம்? விற்காமல் வைத்திருந்தோம். 2025 நடுவில் மறுபடி 5 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது நஷ்டம் போய்விட்டதா? யீல்டு என்றால் என்ன? 2028 ஜனவரியில் மாடியில் ஒரு போர்ஷன் கட்ட 3 லட்சம் வேண்டும். அதற்குள் மறுபடி விழுந்துவிடுமா?"

அம்மா, உங்கள் பத்திரத்தின் பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 6.10 என்பது வருட வட்டி. அதைக் கூப்பன் என்பார்கள். 2031 என்பது அசல் திரும்பி வரும் வருடம். தேதி ஜூலை 12. ஆக நீங்கள் வாங்கியது ஒரு வரவுப் பட்டியல். ஒவ்வொரு ஜனவரி 12, ஜூலை 12 அன்றும் 15,250 ரூபாய். கடைசி ஜூலை 12 அன்று அதோடு சேர்த்து 5 லட்சம். உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், 2022இல் ஆப் நஷ்டம் காட்டிய அந்த மாதம்கூட இந்த 15,250 குறையாமல் வந்திருக்கும். அரசு கொடுத்த வாக்கில் ஒரு காசு மாறவில்லை.

மாறியது வேறொன்று. இந்தப் பட்டியலை இன்னொருவர் உங்களிடமிருந்து வாங்குவதாக இருந்தால் என்ன விலை தருவார் என்பதுதான் ஆப்பில் தெரிகிற எண். அதை அரசு முடிவு செய்வதில்லை, சந்தை முடிவு செய்கிறது.

எம்.சி. ரோட்டில் ஒரு சின்னக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் 2031 வரைக்கும் மாதம் 6,100 வாடகை என்று அக்ரிமென்ட் போட்டு ஒரு ஜவுளிக்காரருக்கு விட்டிருக்கிறார். நடுவில் ஏற்றவும் முடியாது, காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஒரு வருடத்தில் அந்த வரிசையில் வாடகை ஏறிப்போய், பக்கத்தில் அதே அளவுக் கடை 7,400க்குப் போகிறது. இப்போது இந்த ஓனர் கடையை விற்க வந்தால், வாங்குகிறவர் இரண்டுக்கும் ஒரே விலை தருவாரா? "உங்கள் கடையை வாங்கினால் 2031 வரைக்கும் எனக்கு மாதம் 1,300 குறைகிறதே, அதை விலையில் கழியுங்கள்" என்பார். கடையின் செங்கல் ஒன்றும் உதிரவில்லை. வாடகைக்காரரும் ஒழுங்காகக் கொடுக்கிறார். ஆனால் கடையின் விலை குறைந்துவிட்டது. உங்கள் பத்திரத்துக்கு 2022இல் நடந்தது அப்படியே இதுதான்.

எண்களோடு பார்த்துவிடலாம். 12 ஜூலை 2022 என்ற நாளை எடுத்துக்கொள்கிறேன். அன்று உங்களுக்கு ஒரு வட்டி வந்து முடிந்திருக்கும், சரியாக 9 வருடம், அதாவது 18 தவணை மீதி. அந்தச் சமயத்தில் இதே மாதிரி மீதிக் காலம் உள்ள அரசுப் பத்திரங்கள் சுமார் 7.4 சதவீதம் தந்துகொண்டிருந்தன. கணக்குக்கு 7.40 என்றே வைப்போம். புதிதாக 5 லட்சம் போடுகிறவருக்கு வருடம் 37,000 கிடைக்கும். உங்கள் பத்திரம் தருவது 30,500. வருடத்துக்கு 6,500 குறைவு, அரை வருடத்துக்கு 3,250. பதினெட்டுத் தவணைக்கும் சேர்த்தால் 58,500.

அப்படியானால் விலை 58,500 குறைந்திருக்க வேண்டுமே, உங்கள் ஆப்பில் 42 ஆயிரம்தானே குறைந்தது? இந்த வித்தியாசத்தை ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை மூன்றாவது மாதம் அவசரத்துக்குத் தள்ளி எடுப்பவர் எழுபத்தைந்தாயிரம் கிடைத்தால் போதும் என்று எடுப்பார். அதே சீட்டைக் கடைசி மாதம் எடுப்பவருக்கு ஏறக்குறைய முழுசாக வரும். தொகை ஒன்றுதான், கைக்கு வரும் நாள்தான் வேறு. 2031இல் வரவேண்டிய 3,250 குறைகிறது என்றால், அதற்கு ஈடாக 2022இலேயே 3,250 கழிக்க வேண்டியதில்லை. 7.40 சதவீதத்தில் போட்டால் ஒன்பது வருடத்தில் 3,250 ஆகக்கூடிய தொகையைக் கழித்தால் போதும். அது 1,690 ரூபாய். 2023 ஜனவரியின் 3,250க்கு ஏறக்குறைய முழுத் தொகை, 3,134, கழியும். இப்படிப் பதினெட்டையும் அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 42,165 வருகிறது. 5 லட்சத்தில் அதைக் கழித்தால் 4,57,835. ஆப் காட்டிய 4 லட்சத்து 58 ஆயிரம் இதுதான். நூறு ரூபாய்க்கு 91 ரூபாய் 57 காசு.

வீட்டில் பிள்ளைகளிடம் எக்செல் இருந்தால் இந்த ஒரு வரியைப் போடச் சொல்லுங்கள், அதே 91.57 வரும்:

```
=PRICE(DATE(2022,7,12),DATE(2031,7,12),6.1%,7.4%,100,2,4)
```

இதில் 6.1% உங்கள் கூப்பன், 7.4% சந்தை கேட்கும் வட்டி. இரண்டாவதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அது ஏறினால் விலை இறங்கும், இறங்கினால் விலை ஏறும். 6.1% என்று போட்டால் சரியாக நூறில் வந்து நிற்கும். பத்து நிமிடம் இதை வைத்து விளையாடினால் நான் எழுதுவதைவிட நன்றாகவே புரிந்துவிடும்.

இப்போது யீல்டுக்கு வருகிறேன். ஒரு நாளின் விலையைக் கொடுத்து அந்த வரவுப் பட்டியலை வாங்குகிறவருக்கு, முதிர்வு வரைக்கும் எல்லா வரவையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்பதுதான் யீல்டு. 2022 ஜூலையில் உங்களிடம் ஒருவர் 4,57,835 கொடுத்து அதை வாங்கியிருந்தால், அவருக்கும் வருடம் 30,500தான் வரும். போட்ட பணத்துக்கு அது 6.66 சதவீதம். இங்கே நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 2031இல் அவர் கைக்கு வருவது 5 லட்சம், போட்டதைவிட 42,165 அதிகம். அதையும் ஒன்பது வருடத்துக்குப் பரப்பிச் சேர்த்தால்தான் முழு 7.40 வரும். கூப்பன் பத்திரத்தின் மேல் எழுதியிருக்கிறது, மாறாது. யீல்டு விலைக்குள் இருக்கிறது, விலை அசைந்தால் அதுவும் அசையும். விலையைச் சொன்னால் யீல்டைக் கணக்குப் போட்டு எடுக்கலாம், யீல்டைச் சொன்னால் விலையை எடுக்கலாம். சந்தையில் பேசுகிறவர்கள் பாதி நேரம் விலையைச் சொல்லவே மாட்டார்கள், "7.40க்கு வாங்கினேன்" என்றுதான் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் NDS-OM சந்தைத் திரையிலும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் LTP என்று கடைசி விலையும், LTY என்று கடைசி யீல்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

உங்கள் தரகர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் யாருக்கு நல்லது என்பதை அவர் சொல்லவில்லை. யீல்டு ஏறியது புதிதாகப் பணம் போடுகிறவருக்கு நல்லது. நீங்கள் 100 ரூபாய்க்கு 6.10இல் வாங்கிய அன்றே உங்கள் யீல்டு 6.10 என்று முடிவாகிவிட்டது. 2031 வரை வைத்திருந்தால் அதுவேதான். ஆப்பில் 7.40 என்று காட்டியது அன்றைக்கு வாங்குகிறவருக்கு உரிய எண். வருகிற வட்டியைச் செலவு செய்யாமல் திரும்பப் போடுகிறவர் என்றால் உங்களுக்கும் கொஞ்சம் லாபம் உண்டு, அந்த 15,250ஐ அதிக வட்டிக்குப் போடலாம். ஆனால் குடும்பச் செலவுக்கே அது போகிறது என்றால் அந்தப் பேச்சும் இல்லை.

அடுத்ததுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. "விற்காமல் வைத்திருந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றால்தான் நஷ்டம், வைத்திருந்தால் நஷ்டமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். வங்கியில் பத்திரப் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் வாடிக்கையாளர்களிடம் இதையே சொல்லியிருக்கிறேன். அது அரை உண்மைதான் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும்.

அக்கா தங்கை இரண்டு பேர், இருவரிடமும் உங்கள் பத்திரமே 5 லட்சத்துக்கு இருக்கிறது. 2022 ஜூலை 12 அன்று அக்கா விற்கவில்லை. தங்கை 4,57,835க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே 7.40 சதவீதம் தரும் ஒன்பது வருடப் பத்திரத்தில் போட்டுவிடுகிறாள். தங்கைக்கு வருட வட்டி 33,880. அக்காவுக்கு 30,500. தங்கைக்கு அரை வருடத்துக்கு 1,690 கூடுதல். 2031இல் அக்காவுக்கு 5 லட்சம் வரும், தங்கைக்கு 4,57,835 வரும், அக்காவுக்கு 42,165 கூடுதல். தங்கை அந்த 1,690ஐத் தவணை தவறாமல் அதே 7.40இல் சேர்த்து வந்தால் பதினெட்டாவது தவணையில் அது எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா? 42,165. ஒருத்தி நஷ்டத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டாள். இன்னொருத்தி அதையே ஒன்பது வருடம் குறைந்த வட்டியாகத் தவணை கட்டுகிறாள். இருவர் நிலையும் ஒன்றுதான். சந்தை விலை அப்படித்தான் அமையும். அமையாவிட்டால் ஒரு பக்கம் எல்லோரும் ஓடிப்போய் வாங்கிச் சரிசெய்துவிடுவார்கள்.

அதனால் நீங்கள் விற்காதது தவறும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. 2021இல் பத்து வருடத்துக்கு 6.10 என்று கட்டிக்கொண்டதுதான் முடிவு, மற்றதெல்லாம் அதன் விளைவு.

நஷ்டம் போய்விட்டதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. விலை திரும்பி வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, நாள் ஓடியது. சந்தை 7.40இலேயே அசையாமல் நின்றிருந்தாலும் 2025 ஜூலையில் உங்கள் பத்திரம் 93.79 ஆகியிருக்கும். குறைந்த வட்டி வாங்கவேண்டிய தவணைகள் பதினெட்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்துவிட்டன, கழிக்கவேண்டியதும் குறைந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நூறை நோக்கித்தான் நகரும், 2031 ஜூலை 12 அன்று சரியாக நூறில் முடியும். ஆனால் இந்தக் காரணத்தால் வந்தது 11 ஆயிரம்தான். மீதி 31 ஆயிரம் சொச்சம் வட்டி இறங்கியதால் வந்தது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் சதவீதம் கால் சதவீதமாகவும், ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதமும் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, குறைத்து 6.50இலிருந்து 5.50க்குக் கொண்டுவந்தது. அரசுப் பத்திரங்களின் யீல்டும் இறங்கியது. சந்தை கேட்பதும் உங்கள் கூப்பனும் ஏறக்குறைய ஒன்றானபோது விலை நூறை ஒட்டி நின்றது.

அப்படியானால் இனிமேல் கட்டவேண்டிய தவணைகள் ரத்தாகிவிட்டன என்று சொல்லலாம். ஆனால் ஏற்கனவே கட்டியது கட்டியதுதான். 2022 ஜூலை முதல் 2025 ஜூலை வரை மூன்று வருடம், அன்று புதிதாக 7.40இல் போட்டவரைவிட வருடம் 6,500 வீதம் 19,500 உங்களுக்குக் குறைவாக வந்தது. ஆப்பில் எந்த இடத்திலும் அது சிவப்பு எழுத்தில் தெரியாது. இதைச் சொல்வது உங்களை வருத்தப்படுத்த இல்லை. அடுத்த முறை யாராவது "முதிர்வு வரை வைத்தால் ரிஸ்க்கே இல்லை" என்று சொல்லி முப்பது, நாற்பது வருடப் பத்திரத்தை நீட்டினால் இந்த 19,500 உங்களுக்கு ஞாபகம் வரவேண்டும்.

ஏனென்றால் காலம் நீள நீள அடி பெரிதாகும். அதே 6.10 கூப்பன், அதே 7.40 சந்தை. ஒரே வருடம் மீதியுள்ள பத்திரத்தின் விலை 98.77. ஒன்பது வருடத்துக்கு 91.57. முப்பது வருடம் மீதி என்றால் 84.42. மூன்றும் ஒரே அரசு கொடுக்கும் பத்திரம்தான், பணம் திரும்பி வருவதில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. எத்தனை தவணைக்குக் குறைந்த வட்டியில் மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான் வித்தியாசம். எம்.சி. ரோட்டுக் கடையின் அக்ரிமென்ட் அடுத்த வருடமே முடிகிறது என்றால் பழைய வாடகையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள் இல்லையா, அதேதான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. 2022இல் ரெப்போ முதன்முதலாக ஏறியது மே 4 அன்று, 4 சதவீதத்திலிருந்து 4.40க்கு. ஆனால் பத்து வருட அரசுப் பத்திரத்தின் யீல்டு ஏப்ரலிலேயே 7ஐத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏறுகிறது, வட்டி ஏறத்தான் போகிறது என்று சந்தை முன்கூட்டியே விலையை இறக்கிவிட்டது. அந்த ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம் என்று பிறகு அறிவித்தார்கள். டிவியில் செய்தி வரும்போது விலை ஏற்கனவே போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும். வட்டி இனி ஏறுமா இறங்குமா என்று என்னைக் கேட்டாலும் அதனால்தான் சொல்வதில்லை. சந்தைக்குத் தெரிந்தது இன்றைய விலையில் இருக்கிறது, தெரியாதது எனக்கும் தெரியாது.

சரி, 2028 ஜனவரி. இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பத்திரம் 2031இல் முதிர்கிறது, உங்களுக்குப் பணம் மூன்றரை வருடம் முன்னாலேயே வேண்டும். "முதிர்வு வரை வைத்துக்கொள்வேன்" என்று சொல்லும் சுதந்திரம் அந்த 3 லட்சத்துக்கு இல்லை. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் விழுந்ததும் இந்த இடத்தில்தான். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்க அரசு சார்ந்த பத்திரங்கள், வாராக்கடன் பிரச்சினை இல்லை. வட்டி ஏறி அவற்றின் விலை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். டெபாசிட் போட்டவர்கள் பணத்தைக் கேட்க ஆரம்பித்ததும் விற்கவேண்டியதாயிற்று. சுமார் 180 கோடி டாலர் நஷ்டத்துக்கு விற்றோம் என்று மார்ச் 8 அன்று அறிவித்தார்கள், 10ஆம் தேதி வங்கியை மூடிவிட்டார்கள். வைத்திருக்க முடிகிறவருக்குத் தவணையில் வருகிற நஷ்டம், வைத்திருக்க முடியாதவருக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, பயப்பட வேண்டாம். 2028 ஜனவரி 12 அன்று ஏழு தவணைதான் மீதி இருக்கும். அப்போது சந்தை 7.10 கேட்டால், உங்கள் கூப்பனைவிட ஒரு சதவீதம் கூட, விலை 96.95. மூன்று லட்சத்துக்கு 9 ஆயிரம் சொச்சம் குறையும். 8.10 கேட்டால் 94ஐ ஒட்டி, அதாவது 18 ஆயிரம் குறையும். 5.10க்கு இறங்கியிருந்தால் 103.17, ஒன்பதரை ஆயிரம் லாபம். 2022இல் இதே பத்திரம் 1.3 சதவீதத்துக்கே எட்டரை ரூபாய் விழுந்தது. அந்த வேகம் இப்போது அதற்கு இல்லை, வயதாகிவிட்டது.

ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 3 லட்சத்தை மட்டும் மாற்றிவிடுவேன். விலை நூறை ஒட்டி இருக்கும்போது அந்த அளவுக்கு விற்று, 2027 கடைசிக்குள் முதிர்கிற அரசுப் பத்திரத்திலோ, அதே தேதிக்கு முடியும்படி வங்கி டெபாசிட்டிலோ போட்டால், கட்டட வேலை ஆரம்பிக்கும் நாளில் சந்தை என்ன கேட்கிறது என்று பார்க்கவே வேண்டாம். 9 ஆயிரம் லாபம் வந்தால் போர்ஷன் ஒன்றும் பெரிதாகிவிடாது, 18 ஆயிரம் குறைந்தால் ஒரு கதவோ ஜன்னலோ நின்றுபோகும். மீதி 2 லட்சம் 2031 வரை இருக்கட்டும். அதன் விலை நடுவில் எப்படி ஆடினாலும் ஆப்பைத் திறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

விற்கும்போது இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிகிற விலை பெரும்பாலும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் 5 கோடி, 10 கோடி என்று கைமாற்றுகிற விலை. 5 கோடிக்குக் குறைந்தவற்றை ஆட் லாட் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அங்கே வாங்குகிறவர்கள் குறைவு. உங்களுடையது தரகரின் டீமேட்டில் இருந்து பங்குச்சந்தை வழியாக விற்பதாக இருந்தால் இன்னும் குறைவு, சில நாள் ஆளே இருக்காது. எக்செல்லில் அன்றைய யீல்டைப் போட்டு நியாய விலை என்ன என்று முதலில் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கு முப்பது, நாற்பது காசு குறைத்துக் கேட்டால் பரவாயில்லை. இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால் அன்று விற்காதீர்கள், விலையைக் குறிப்பிட்டு ஆர்டர் போட்டுவிட்டுச் சில நாள் பொறுங்கள். "மார்க்கெட் விலைக்கே கொடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் இதில் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வட்டித் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் விற்றாலும் கடைசி வட்டிக்குப் பிறகு ஓடிய நாட்களுக்கான வட்டியையும் வாங்குகிறவர் சேர்த்துத் தரவேண்டும், மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 360 நாள் என்று கணக்கு. ஏப்ரல் 12 அன்று 3 லட்சத்துக்கு விற்றால் மூன்று மாத வட்டி 4,575. ஒப்பந்தச் சீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.